நேரலை பார்ப்பவர்களில் எத்தனை பேர் வகுப்புக்கு வருகிறார்கள்? எப்படிக் கணக்கெடுப்பது?

சாட்ஸ்வர்த் செயலாளர் (அக்டோபர், ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலை 9 முதல் 11:30 வரை தமிழும் தேவாரமும் சொல்லிக் கொடுக்கிறோம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பூசையை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தோம். அப்புறம் யூடியூபும் சேர்ந்தது. ஊரடங்கு போய்விட்டது, நேரலை நிற்கவில்லை.

இந்தப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமைப் பூசைக்கு 4,200 பார்வைகள். கமிட்டியில் ஒரே சந்தோஷம். இரண்டு நல்ல கேமரா, விளக்கு, மைக் எல்லாம் வாங்க 38,000 ராண்ட் ஒதுக்கலாம் என்று பேச்சு. நான் ஒரு கேள்வி கேட்டேன்: இந்த 4,200-இல் எத்தனை பேர் வாசல் தாண்டி உள்ளே வந்தார்கள்? யாருக்கும் பதில் தெரியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் 31 பேர். மூன்று வருஷமாக 30-ஐ ஒட்டியே நிற்கிறது.

கேமராவுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதே பணத்தில் பிள்ளைகளை அழைத்துவர ஒரு டாக்ஸி ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. எது சரி என்று சொல்ல என் கையில் ஒரு கணக்கும் இல்லை. உங்கள் ஊரில் யாராவது இதை அளந்து பார்த்திருக்கிறீர்களா?

ஸ்டூடியோ தம்பி, பீனிக்ஸ்

அக்கா, பார்வை எண்ணிக்கையை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். ஃபேஸ்புக் பல வருஷமாக மூன்று வினாடி ஓடினாலே ஒரு பார்வை என்று எண்ணி வந்தது. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை. விரல் தள்ளிக்கொண்டே போகிறவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்.

பார்க்க வேண்டியது சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைத்தான். யூடியூப் ஸ்டூடியோவில் Average view duration என்று இருக்கும். பக்கத்திலேயே Returning viewers, அதாவது திரும்பத் திரும்ப வருகிறவர்கள். இந்த இரண்டும் ஏறினால் கூட்டம் தானாக வகுப்புக்கு வரும். நான் நடத்தும் சானலில் அப்படித்தான் பார்க்கிறேன். நல்ல கேமரா இருந்தால் பார்க்கும் நேரம் கூடும், அதனால் கமிட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

டொங்காட் தாத்தா

அம்மா, நேரலையை நிறுத்தப் போகிறீர்களா? தயவுசெய்து நிறுத்தாதீர்கள். என் மனைவிக்கு முழங்கால் அறுவை நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோயில் படி ஏற முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் பூசையைப் போட்டுவிட்டு, நாங்களும் மகன் குடும்பமுமாக ஆறு பேர் உட்கார்ந்து பார்க்கிறோம். தீபாராதனை வரும்போது அவள் எழுந்து நிற்பாள், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு. உங்கள் கணக்கில் நாங்கள் ஆறு பேரும் ஒரு பார்வை. வாசல் தாண்டாதவர்கள் பட்டியலிலும் நாங்கள்தான். இது என்ன கணக்கு?

சாட்ஸ்வர்த் செயலாளர்

ஐயா, நிறுத்தும் எண்ணமே இல்லை. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். நான் கேட்டது வரக்கூடியவர்களைப் பற்றி மட்டும்தான். ஆனால் ஒரு பார்வையில் ஆறு பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. பார்வை எண் கூட்டியும் காட்டலாம், குறைத்தும் காட்டலாம் என்றால், அதை வைத்து என்னதான் செய்வது?

லெனேசியா கணக்கர்

எனக்கு வேலை ஜோஹன்னஸ்பர்கில், சூப்பர்மார்க்கெட் லாயல்டி கார்டு விவரங்களை அலசுவது. விளம்பரத்தைப் பார்த்தவர் கடைக்கு வந்தாரா என்பதுதான் தினமும் என் தலைவலி. எங்கள் தமிழ் வகுப்புக்கும் அதே கேள்வி வந்தது, இரண்டு வருஷமாக அளந்து பார்க்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்னதில் பாதி சரி. பார்வையைவிட பார்த்த நேரம் நம்பகமானது. ஆனால் பார்த்தவர் யார் என்று அது சொல்லாது. இரண்டு மணி நேரப் பூசையை முழுக்கப் பார்த்தவர் சென்னையில் இருக்கலாம். அல்லது நேற்றே கோயிலுக்கு வந்துவிட்டு, தன் மகள் பாடியதை வீட்டில் திரும்பப் பார்க்கிற அம்மாவாக இருக்கலாம். Returning viewers என்று ஸ்டூடியோ காட்டுவதில் பெரும்பங்கு நம் கோயில் ஆட்களே. அவர்கள் ஏற்கெனவே வருகிறார்கள். அந்த எண் ஏறுவதால் வகுப்பில் ஒரு புதுப் பிள்ளைகூடக் கூடாது.

நாங்கள் முதல் வருஷம் செய்த தப்பும் இதுதான். திரையிலிருந்து வாசலை நோக்கி எண்ணினோம்: இத்தனை பார்வை, இத்தனை லைக், இத்தனை லிங்க் சொடுக்கு, கடைசியில் இத்தனை பேர். ஒவ்வொரு படியிலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார். பார்ப்பவர் பாட்டி, லிங்கைத் தொடுபவர் மகள், வாட்ஸ்அப் எண் மருமகனுடையது, வகுப்புக்கு வருவது பேரன். ஒரு குடும்பம் நான்கு ஆளாகத் தெரிந்தது, நான்கிலும் பாதியில் அறுந்தது.

இரண்டாம் வருஷம் திருப்பிப் போட்டோம். வாசலில் நின்று திரையை நோக்கி எண்ணினோம். ஆளை விட்டுவிட்டு குடும்பத்தை எண்ணினோம். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது புதிதாகச் சேர்ந்த குடும்பங்கள் 41. ஒவ்வொரு குடும்பத்திடமும் முதல் நாளே இரண்டு கேள்வி. இங்கே வருவதற்கு முன்னால் எங்கள் வீடியோ ஏதாவது பார்த்தீர்களா, பார்த்திருந்தால் எது ஞாபகம் இருக்கிறது? உங்கள் சொந்தக்காரரோ தெரிந்தவரோ ஏற்கெனவே இங்கே வருகிறார்களா?

41-இல் 22 குடும்பம் வீடியோ பார்த்ததாகச் சொன்னது. கேட்டவுடன் எங்கள் கமிட்டியும் குதித்தது, பாதிக்கு மேல் வீடியோவால் வந்தார்கள் என்று. இரண்டாவது கேள்வியைச் சேர்த்துப் பார்த்தால், அந்த 22-இல் 17 குடும்பத்துக்கு இங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது. அத்தை சொன்னாள், வீடியோவும் அனுப்பினாள். வீடியோ இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் வந்திருப்பார்கள். யாரையும் தெரியாமல், வீடியோ பார்த்து மட்டும் வந்தது 5 குடும்பம்.

வீடியோவின் பங்கு 5-க்கும் 22-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 5 என்பது நிச்சயம். மற்ற 17-இல் எத்தனை பேரின் தயக்கத்தை வீடியோ போக்கியது என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஸ்டூடியோ தம்பி, பீனிக்ஸ்

அண்ணா, எல்லாக் கோயிலும் ஃபாரத்தில் "எங்களைப் பற்றி எப்படித் தெரிய வந்தது" என்று கேட்கிறதே. அதுவே போதாதா?

லெனேசியா கணக்கர்

அதைத்தான் முதலில் வைத்திருந்தோம். ஃபேஸ்புக், யூடியூப், நண்பர், கோயில் அறிவிப்பு என்று கட்டங்கள். பாதிப் பேர் முதல் கட்டத்தில் டிக் போட்டார்கள், மீதிப் பேர் எல்லாவற்றிலும் போட்டார்கள். எது முன்னால் நடந்தது, எது அப்புறம் என்று அந்தக் கேள்வியிலிருந்து தெரியாது.

இன்னொன்று, யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது. ஆரம்பத்தில் வீடியோ எடுக்கும் பையனே வாசலில் நின்று கேட்டான். கழுத்தில் கேமரா தொங்குகிறது. "அண்ணன் வீடியோ பார்த்தீர்களா" என்றால் யார் இல்லை என்று சொல்வார்கள்? அப்புறம் டீ கொடுக்கும் அம்மாவிடம் நோட்டைக் கொடுத்தோம். டீயை நீட்டிக்கொண்டே பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "ஆமாம்" குறைந்தது.

"எது ஞாபகம் இருக்கிறது" என்ற துணைக்கேள்வி அதற்காகத்தான். 22-இல் 6 குடும்பத்துக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அந்த ஆறும் மரியாதைக்குச் சொன்ன ஆமாம் என்று வைத்துக்கொண்டேன். மீதி 16-இல் காவடி வீடியோ ஞாபகம் இருந்தது 3 பேருக்கு. ஒருவருக்கு ஒரு பிள்ளை தேவாரம் பாடியது. 12 பேர் சொன்னது நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு துண்டு. ஒன்றரை நிமிஷம், போனில் எடுத்தது. கேட் எங்கே, கார் எங்கே நிறுத்துவது, வகுப்பு எந்த அறையில், செருப்பை எங்கே விடுவது, மாதம் எவ்வளவு கட்டணம், தமிழே தெரியாத பிள்ளை வரலாமா. அவ்வளவுதான். அதற்கு யூடியூபில் 260 பார்வை. காவடி வீடியோவுக்கு 11,000. அந்த 11,000 எங்கிருந்து என்று ஸ்டூடியோவில் Geography-யையும் Cities-ஐயும் திறந்தால் தென்னாப்பிரிக்கா ஐந்தில் ஒரு பங்கு, அதிலும் டர்பன்தான் அதிகம். எங்கள் வகுப்புக்குக் காரில் வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் சில நூறுதான்.

யாரையும் தெரியாமல் வந்த 5 குடும்பத்தில் 4 பேர் சொன்னதும் அந்தக் கேட் வீடியோதான். ஒரு அம்மா சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது: "எனக்குத் தமிழ் வராது. உள்ளே வந்தால் எல்லோரும் தமிழில் பேசுவார்கள், நான் முட்டாள் மாதிரி நிற்பேன் என்று பயந்தேன். அந்த வீடியோவில் டீச்சர் இங்கிலீஷில் பேசினார்."

வீணை டீச்சர், மாரிட்ஸ்பர்க்

கேட் வீடியோ விஷயத்தில் ஒரு சந்தேகம். 260 பார்வையில் 12 குடும்பம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரலாம் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்தானே கார் எங்கே நிறுத்துவது என்று தேடிப் பார்ப்பார்? வழி கேட்கிறவர் கல்யாணத்துக்கு வருவார். வழி சொன்னதால் வந்தார் என்று சொல்ல முடியுமா?

லெனேசியா கணக்கர்

டீச்சர், சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அது என்னையும் உறுத்துகிறது. அந்த நான்கு குடும்பமும் முடிவு செய்துவிட்டுத்தான் கேட் வீடியோவைப் பார்த்தார்களா, பார்த்துவிட்டு முடிவு செய்தார்களா என்று என் நோட்டில் இல்லை. அந்த அம்மா சொன்னது இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஒருவர் சொன்னதை வைத்து நால்வருக்கும் தீர்ப்பு எழுத மாட்டேன்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்களிடம் தேவார வகுப்பும் வீணை வகுப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் டெர்மில் தேவாரத்துக்கு மட்டும் இப்படி ஒரு அழைப்பு வீடியோ போடுங்கள், வீணைக்குக் கோயில் அறிவிப்பு மட்டும். அடுத்த டெர்மில் மாற்றிப் போடுங்கள். வீடியோ போன பக்கம் புதுக் குடும்பம் கூடுகிறதா என்று பாருங்கள்.

வீணை டீச்சர், மாரிட்ஸ்பர்க்

ஒரு டெர்ம் முழுக்க என் வகுப்பை மறைத்து வைப்பதா? எனக்கு மொத்தமே ஏழு மாணவர்கள். நான்கு குறைந்தால் மண்டபத்தையே கேட்டுவிடுவார்கள். மன்னிக்க வேண்டும், இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லெனேசியா கணக்கர்

நியாயம்தான். ஏழு பேர் வகுப்பில் இந்தச் சோதனை எதையும் காட்டவும் காட்டாது. புதிதாக 5 பேர் வருகிற இடத்தில், எதையுமே மாற்றாமல் விட்டாலும் அடுத்த டெர்மில் 2 வரலாம், 9 வரலாம். ஒரு பிள்ளைக்கு அம்மை வந்தால், ஒரு குடும்பம் கேப்டவுனுக்குக் குடிபோனால் கணக்கு மாறிவிடும். 5 என்பது 8 ஆனதும் வீடியோ வெற்றி என்று கமிட்டியில் சொல்லாதீர்கள். 5 என்பது 20 ஆனால் பேசலாம். அல்லது நான்கைந்து டெர்ம் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால்.

பீனிக்ஸ் அம்மா

நான் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். நோட்டை நீட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. ஒருவரின் மத நம்பிக்கை பற்றிய விவரத்துக்கு அதில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் விவரம் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். கோயில் நோட்டில் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடுகிறது.

பயப்பட ஒன்றுமில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று நோட்டின் மேலேயே எழுதுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். கேட்ட காரணம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். அந்தப் போன் எண்களை எடுத்துக் காவடிக்கு நன்கொடை கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்து ஒரு இடத்தில் அப்படிச் செய்து, மூன்று குடும்பம் அதோடு வருவதை நிறுத்திவிட்டது.

சாட்ஸ்வர்த் செயலாளர்

மிக்க நன்றி அம்மா, இது எங்கள் கமிட்டியில் ஒருவர் வாயிலும் வரவில்லை.

அண்ணா, வகுப்புக்குப் பதிவேடு இருக்கிறது, சரி. ஞாயிற்றுக்கிழமை சர்வீஸுக்குப் பதிவேடே இல்லையே. ஆடியில் நாங்கள் எல்லோரும் போரிட்ஜ் பிரேயர் என்று சொல்லும் கூழ் பூசைக்கு நானூறு ஐந்நூறு பேர் வருவார்கள். யார் புதிது என்று எப்படித் தெரியும்? எங்கள் பொருளாளர் வாசலில் செருப்பு ஜோடியை எண்ணுகிறார். இன்னொருவர் அன்னதானத் தட்டை எண்ணுகிறார்.

லெனேசியா கணக்கர்

செருப்பும் தட்டும் மொத்தக் கூட்டத்துக்கு நல்ல கணக்கு. தட்டைவிட செருப்பு மேல், தட்டு இரண்டு தடவை வாங்குவார்கள். ஆனால் புதியவர் யார் என்று செருப்பு சொல்லாது.

நாங்கள் பார்த்தது அர்ச்சனைப் புத்தகம். பேர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை வாங்குகிறார்கள் அல்லவா, அது பல வருஷமாக எழுதப்பட்டுக் கிடக்கிறது. அதில் இந்த வருஷம் முதல் தடவை வந்த பேர் எது என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று. நம் ஊரில் கோவெண்டர், நாயுடு, மூட்லி, பிள்ளை, ரெட்டி என்று ஒரே பேர் முப்பது தடவை வருகிறது. நட்சத்திரத்தைச் சேர்த்துப் பார்த்தாலும், பாதிப் பேருக்குத் தங்கள் நட்சத்திரம் தெரியாது. ஐயர் கோயில் நட்சத்திரத்தையே போட்டுவிடுகிறார். பேரை வைத்து ஆளைச் சேர்க்கும் வேலை இங்கே நடக்காது.

போன் எண் ஒன்றுதான் ஓரளவு நிற்கிறது. அதையும் எல்லோரிடமும் வாங்க வேண்டாம். "முதல் தடவையாக வருகிறீர்களா? உங்களுக்கு ஒரு பிரசாதப் பை உண்டு" என்று ஒரு சின்ன மேஜை போடுங்கள். அங்கே வருகிறவரிடம் மட்டும் அந்த இரண்டு கேள்வி. வராமல் போகிறவர் இருப்பார், அதனால் கிடைப்பது உண்மையைவிடக் குறைவான எண். ஒவ்வொரு தடவையும் அதே மேஜை, அதே இடம், அதே பை என்றால் இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஒப்பிடலாம்.

ஸ்டூடியோ தம்பி, பீனிக்ஸ்

அண்ணா, வாசலில் கேட்பது சரி. லிங்க் வைத்துப் பிடிக்க முடியாதா? ஒவ்வொரு வீடியோவிலும் தனி லிங்க் போட்டால் எதிலிருந்து வந்தார் என்று தானாகத் தெரியுமே.

லெனேசியா கணக்கர்

போடலாம், நாங்களும் போட்டோம். இங்கே எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் கேட்கிறார்கள், அதனால் இப்படி:

```
https://wa.me/27XXXXXXXXX?text=Vanakkam%20YT
https://wa.me/27XXXXXXXXX?text=Vanakkam%20FB
https://wa.me/27XXXXXXXXX?text=Vanakkam%20KOVIL
```

தொட்டால் வாட்ஸ்அப் திறந்து "Vanakkam YT" என்று தயாராக நிற்கும், அனுப்பினால் போதும். மூன்றாவது கோயில் சுவரில் ஒட்டிய க்யூஆர். ஆனால் மூன்று இடத்தில் ஓட்டை விழுந்தது. சிலர் அந்த வார்த்தையை அழித்துவிட்டு "ஹலோ ஆன்ட்டி, வகுப்பு எப்போது" என்று எழுதினார்கள். ஷார்ட்ஸ் விளக்கத்தில் போடும் லிங்கைத் தொட்டால் திறக்காது, 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அப்படி. மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. ஒரு அத்தை FB லிங்கை எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். அதைத் தொட்ட எல்லோரும் ஃபேஸ்புக்கிலிருந்து வந்ததாகப் பதிவாகிறார்கள். உண்மையில் வந்தது அத்தையிடமிருந்து. வீடியோவையே டவுன்லோட் செய்து கோப்பாக அனுப்பினால் அது எந்தக் கணக்கிலும் விழாது.

அதனால் லிங்கை ஒரு துணைச் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன். வாசல் நோட்டும் லிங்கும் ஒன்றையே சொன்னால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் நோட்டைத்தான் நம்புவேன்.

கேப்டவுன் வாசி

ஒரு விஷயம் சொல்லட்டுமா? நான் இருக்கும் பக்கத்தில் தமிழ் வகுப்பு கிடையாது. மூன்று வருஷமாக டர்பன் வகுப்பு ஒன்றின் வீடியோவைப் பார்த்து என் மகள் உயிரெழுத்து படித்தாள். டிசம்பர் லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது நேரில் போய் டீச்சரைப் பார்த்தோம். ஒரே ஒரு நாள். அந்த டீச்சரின் நோட்டில் நாங்கள் எந்தக் கட்டத்தில் வருவோம்?

லெனேசியா கணக்கர்

வரக்கூடியவர், வர முடியாதவர் என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும். நீங்களும் டொங்காட் ஐயா வீட்டு அம்மாவும் இரண்டாவது பக்கம். உங்களுக்கு வேறு கேள்வி: எழுத்து படித்தாளா, விபூதி வீட்டுக்கு வந்து சேர்ந்ததா. அதை வருகைக் கணக்கோடு கலந்தால் இரண்டும் கெடும்.

ஐயாவின் கேள்வியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. நேரலை வந்ததால் வருகிறவர் வராமல் போகிறாரா? படி ஏறக்கூடியவர், சோம்பலில் சோபாவிலேயே இருந்துவிடுகிறாரா? எங்கள் வகுப்புப் பதிவேட்டில் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசையில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2019-இன் கூட்டத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் நடுவில் ஊரடங்கு, இறப்பு, வேலை இழப்பு, பெட்ரோல் விலை எல்லாம் வந்துவிட்டது. நேரலையின் தலையில் எவ்வளவு போடுவது என்று பிரிக்க வழி தெரியவில்லை.

டொங்காட் தாத்தா

என் மகனைப் பற்றி எழுதின மாதிரி இருக்கிறது. அவனுக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிறேன் என்பான். அதைத் தப்பு என்றும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாட்ஸ்வர்த் செயலாளர்

அண்ணா, முதல் நாள் வந்தவர் எல்லாம் தங்குவதில்லையே. எப்போது "வந்துவிட்டார்" என்று எண்ணுவது?

லெனேசியா கணக்கர்

முதல் நான்கு சனிக்கிழமையில் மூன்று நாள் வந்தால் வந்தவர். இது நாங்களாக வைத்த கோடு. முதல் நாள் எல்லோரும் வருவார்கள். இரண்டாம் வாரம் கிரிக்கெட், பிறந்தநாள் என்று ஏதாவது வரும். நான்காம் வாரத்துக்குள் வழக்கமாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். எங்கள் 41-இல் வீடியோ மட்டும் பார்த்து வந்த 5-இல் 4 தங்கினார்கள், மற்ற 36-இல் 27. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன், 5 மிகச் சின்ன எண். வீடியோ பார்த்து வந்தவர் சீக்கிரம் போய்விடுவார் என்ற எங்கள் பயம் மட்டும் தணிந்தது.

ஷீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. C-யில் வீடியோ பார்த்தாரா, D-யில் தெரிந்தவர் இருக்கிறாரா, F-இல் நான்கில் எத்தனை நாள்:

```
=COUNTIFS(C:C,"YES",D:D,"NO",F:F,">=3")
```

இந்த ஒரு எண்ணைத்தான் கமிட்டியில் நான் முதலில் வாசிப்பேன். எங்களுக்கு அது 4. உங்கள் 38,000 ராண்டை அந்த மாதிரி ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாக்ஸி வைத்தால் எத்தனை குடும்பம் கூடும் என்பதும் அதே ஷீட்டில் தெரிந்துவிடும், போகவர வண்டி இல்லை என்று நின்றவர்களைக் குறித்து வைத்தால்.

சாட்ஸ்வர்த் செயலாளர் (ஜனவரி, சனி மாலை)

எல்லோருக்கும் வணக்கம், இழையை மறந்துவிடவில்லை. கேமரா வாங்குவதை ஏப்ரல் கூட்டம் வரை தள்ளி வைத்தோம். போனிலேயே ஒரு கேட் வீடியோ எடுத்தோம், இரண்டு நிமிஷம். வகுப்பு இன்று திறந்தது. பாக்கியம் அக்கா என்று நாங்கள் கூப்பிடும் டீ அக்காவிடம் நோட்டைக் கொடுத்தேன். மேலே பீனிக்ஸ் அம்மா சொன்ன வாசகம், கீழே கையெழுத்து. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

புதுக் குடும்பம் 14. வீடியோ பார்த்தவர் 6, அதில் ஒருவருக்கு எதுவும் ஞாபகமில்லை. யாரையும் தெரியாதவர் 2. நான்கு வாரம் ஆகட்டும், F நிரம்பிய பிறகுதான் பேசுவேன்.

ஒரு வரியை மட்டும் எப்படி நிரப்புவது என்று தெரியவில்லை. ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். வீடியோ பார்த்தீர்களா என்றால், இல்லை என்றார். எப்படி வந்தீர்கள் என்றால், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மூத்த மகள் நம் புரட்டாசி நேரலையைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாளாம், "அம்மா, உன் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள், குட்டியைக் கொண்டுபோய்ச் சேர்" என்று. பாட்டி இருப்பது எங்களிடமிருந்து நான்கு தெரு தள்ளி. C-யில் YES-ஆ, NO-ஆ?

லெனேசியா கணக்கர்

குடும்பத்தை எண்ணுகிறோம் என்றால் மகளும் குடும்பம்தான், YES. அப்படி எழுதினால், தூரத்தில் இருப்பவர் பார்வையை நான் ஒதுக்கித் தள்ளியது இடிக்கிறது. இப்போதைக்கு YES போட்டு, பக்கத்தில் ஒரு G பத்தி திறந்து "வெளியூரிலிருந்து சொன்னார்கள்" என்று எழுதி வையுங்கள். எங்கள் 41-இலும் அப்படி எத்தனை இருந்தது என்று தெரிய டீ அம்மாவிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

கேப்டவுன் வாசி

G பத்தியில் இன்னொரு வரிக்கு இடம் விடுங்கள். என் தங்கை சாட்ஸ்வர்த்தில்தான் இருக்கிறாள், அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கேட் வீடியோ லிங்கை இங்கே போடுங்கள் அக்கா.